ஆள் எப்படிங்க?

பெரிய ஐ.டி. கம்பெனிகளில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. வெரிஃபிகேஷன் ஏஜென்சியிலிருந்து ஒரு படிவம் வரும். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி ஆகியவற்றை நிரப்பி ஹெச்.ஆர். திருப்பி அனுப்பிவிடுவார். ஆனால் திருப்பூர், கரூர், சிவகாசி, ஓசூர் என்று ஐம்பது பேரும் நூறு பேரும் வேலை செய்யும் இடங்களில் ஒருவருக்கு அடுத்த வேலை கிடைப்பதை இன்னமும் ஒரு போன்தான் முடிவு செய்கிறது. எதிர்முனையில் இருப்பவர் ‘ஆள் எப்படிங்க?’ என்று கேட்பார். இந்த முனையில் இருப்பவர் கட்டிங் டேபிள் பக்கத்தில் நின்றபடி, ஒரு கையில் பில்லை வைத்துக்கொண்டு, ஐந்து நிமிடத்தில் ஒருவருடைய நாலு வருட உழைப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்லி முடித்துவிடுவார்.

அந்த ஐந்து நிமிடத்தில் அப்பட்டமான பொய் சொல்பவர்கள் குறைவு. கேடு வேறு வழியில் வருகிறது. “பையன் நல்லவன்தான்... ஆனா...” என்று இழுத்து நிறுத்துவதில் வருகிறது. “அதெல்லாம் போன்ல வேண்டாங்க” என்று மழுப்புவதில் வருகிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. “கண்ணை மூடிக்கிட்டு எடுங்க, நான் பொறுப்பு” என்பதும் அதே அளவு அலட்சியமான பேச்சுதான். முதலாவது, போன ஊழியரைக் கெடுக்கிறது. இரண்டாவது, எடுக்கப்போகிற முதலாளியைக் கெடுக்கிறது. இரண்டிலும் பேசுகிறவர் தனக்குத் தெரிந்ததைத் தாண்டிப் பேசிவிட்டார்.

ஒரு சூழலை எடுத்துக்கொண்டு முழுதாகப் பார்ப்போம். பல கம்பெனிகளில் நடப்பதைக் கொண்டு அமைத்தது இது, எந்தத் தனி ஆளையும் குறிப்பதல்ல. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி யூனிட். அதில் நாலு வருடம் ஸ்டோர் இன்சார்ஜாக இருந்தவர் சம்பளம் போதவில்லை என்று ஜூன் மாதம் விலகினார். சாயப்பட்டறையிலிருந்து வரும் துணி ரோல்களை எடை போட்டு, டெலிவரி சலானோடு ஒப்பிட்டு, லாட் வாரியாக அடுக்கி, கட்டிங்குக்கு இஷ்யூ செய்து கணக்கில் ஏற்றுவது அவர் வேலை. லாட் பிரித்து வைப்பதில் அவர் கெட்டிக்காரர். ஒரே நிறம்தான் என்றாலும் வெவ்வேறு நாளில் சாயமேறிய துணி கலந்துவிட்டால் ஒரே சட்டையில் உடம்பு ஒரு ஷேடாகவும் கை ஒரு ஷேடாகவும் வந்து நிற்கும். அவர் இருந்த காலத்தில் ஸ்டோர் தவறால் அப்படி ஒரு புகாரும் வரவில்லை. குறை என்றால், இஷ்யூ செய்ததை அன்றே கணக்கில் ஏற்றாமல் மறுநாள் ஏற்றும் பழக்கம் இருந்தது. முதலாளி அதை நேரிலேயே இரண்டு மூன்று தடவை கண்டித்திருக்கிறார். கடைசி ஆறு மாதத்தில் ஒன்பது நாள் தாமதமாக வந்ததாக வருகைப் பதிவேடு சொல்கிறது.

இன்னொன்றும் உண்டு. மார்ச் மாதம் இருப்பு எடுத்தபோது, 6,000 கிலோ இருக்க வேண்டிய இடத்தில் 140 கிலோ குறைந்தது. ஸ்டோர் சாவி அவரிடம் மட்டும் இல்லை. கட்டிங் மாஸ்டரிடமும் இரவு வாட்ச்மேனிடமும் இருந்தது. யாரிடமும் விளக்கம் கேட்கவில்லை, எழுத்தில் எதுவும் இல்லை. சீசன் நெருக்கடியில் விஷயம் அப்படியே போய்விட்டது. ஆனால் முதலாளியின் மனதில் ஒரு முள் தங்கிவிட்டது. செப்டம்பரில் ஈரோட்டிலிருந்து போன் வருகிறது. அங்கே ஸ்டோர் மேனேஜர் பதவி.

முதலில், யார் பேசுகிறார்கள்?

ரெஃபரன்ஸ் கேட்டு வரும் போன் எல்லாம் ரெஃபரன்ஸ் போன் இல்லை. பையனுக்குப் பெண் கொடுக்க நினைப்பவர்கள் கம்பெனிக்குப் போன் செய்து வேலை தருபவர்போல விசாரிப்பது நம் ஊரில் புதிதல்ல. கடன் வசூலிக்கும் ஏஜென்டும் அப்படிப் பேசுவார். அதனால் வந்த போனிலேயே எதையும் சொல்ல வேண்டியதில்லை.

“வணக்கமுங்க, ஈரோட்டுல இருந்து பேசறேன். உங்ககிட்ட ஸ்டோர்ல இருந்தவரு எங்ககிட்ட வந்திருக்கார். ஆள் எப்படிங்க?”

“வணக்கமுங்க. உங்க பேரும் கம்பெனி பேரும் சொல்லுங்க. அரை மணி நேரத்துல உங்க கம்பெனி நம்பருக்கு நானே கூப்பிடறேன். என்ன வேலைக்குப் பார்க்கறீங்க?”

அந்த அரை மணி நேரத்தில் இரண்டு காரியம் நடக்க வேண்டும். ஒன்று, பழைய ஊழியரைக் கூப்பிட்டு, தன் பெயரை அவர்தான் கொடுத்தாரா என்று கேட்பது. அவர் இப்போது வேறொரு இடத்தில் வேலையில் இருந்து, வேலை தேடுவதை வெளியே சொல்லாமலும் இருக்கலாம். நாம் பேசுவதால் அந்தச் செய்தி தப்பான காதுக்குப் போய்விடக் கூடாது. இரண்டு, அவருடைய ஃபைலை எடுத்து வைத்துக்கொள்வது. தேதியும் பதவியும்கூட நினைவில் பிசகும். நாலு வருடம் இருந்தவரை ‘ஒரு ரெண்டு வருஷம் இருந்தாப்ல’ என்று சொன்னால், அவர் விண்ணப்பத்தில் எழுதியது பொய்யாகிவிடும். நல்ல எண்ணத்தோடு பேசியே ஒருவரை ஏமாற்றுக்காரர் ஆக்கிவிடலாம்.

ஊழியருடன் பேசும்போதுதான் முதல் சோதனை வருகிறது.

“கொடுத்தது நான்தானுங்கண்ணே. கொஞ்சம் நல்லபடியாச் சொல்லிவிடுங்க.”

‘கவலைப்படாதே தம்பி, நான் பார்த்துக்கறேன்’ என்று சொல்லத்தான் வாய் வரும். அதைச் சொல்லக் கூடாது. எதைப் பார்த்துக்கொள்வோம் என்று நமக்கே தெரியாது. அவரோ அந்த ஒரு வாக்கை நம்பி, கையில் இருக்கிற வேலைக்கு நோட்டீஸ் கொடுத்துவிடுவார். என்ன சொல்லப் போகிறோமோ அதை மட்டும் சொல்லலாம்:

“லாட் பிரிக்கறதுல உன்னைக் குறை சொல்ல ஒண்ணுமில்ல, அதை நானே எடுத்துச் சொல்றேன். என்ட்ரி மறுநாள் போடறதைக் கேட்டா, அதையும் சொல்வேன். அப்பவே உன்கிட்டயும் சொன்னதுதான். வேலை கிடைக்குமான்னு என்னால சொல்ல முடியாது. இது சரிவராதுன்னு தோணுச்சுன்னா, வேற யார் பேரையாவது கொடுத்துக்கோ.”

கடைசி வாக்கியம் கடுமையாகத் தெரியலாம். என் கணிப்பில் ஒரு முதலாளி பழைய ஊழியருக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான். தனக்குச் சாதகமாகப் பேசக்கூடியவர் யார் என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை அவருக்குத் திருப்பித் தருகிறது அது. ‘சொல்றேன் சொல்றேன்’ என்று தலையாட்டிவிட்டுப் போனில் அரைமனதாகப் பேசுபவர் அந்த வாய்ப்பைப் பறித்துவிடுகிறார்.

அந்த 140 கிலோ

இனி முள்ளுக்கு வருவோம். ஈரோட்டுக்காரர் நிச்சயம் கேட்பார்: “கை சுத்தமானவரா?”

இதற்கு விடை தேடுமுன், முதலாளி தனக்கு என்ன தெரியும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 140 கிலோ குறைந்தது உண்மை. அவர் எடுத்தார் என்பது ஊகம். பருத்தித் துணி காற்றின் ஈரத்தை இழுக்கும், காய்ந்தால் விடும். பருத்திக்கு வணிகத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஈரப்பத அளவே 8.5 சதவீதம். வறண்ட பருவத்தில் அது ஒரு புள்ளி இறங்கினாலே 6,000 கிலோவில் சுமார் 60 கிலோ கண்முன்னே மறைந்துவிடும். மீதிக்குத் தராசு காரணமாக இருக்கலாம், ஏற்றாமல் விட்ட இஷ்யூ காரணமாக இருக்கலாம், வேறு இரண்டு சாவிகள் காரணமாக இருக்கலாம். திருட்டாகவும் இருக்கலாம். விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். விசாரிக்கவில்லை.

இதே இடத்தில் தடுக்கி விழுந்த ஒரு வழக்கு பிரிட்டனில் உண்டு. ஸ்பிரிங் என்பவர் கார்டியன் அஷ்யூரன்ஸ் நிறுவனத்தின் மேல் தொடுத்த அந்த வழக்கில் 1994இல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. காப்பீட்டு விற்பனையில் இருந்த அவரைப் பற்றி, நேர்மையற்றவர் என்ற பொருளில் பழைய நிறுவனம் ரெஃபரன்ஸ் எழுதியது. அதன் பின் புதிய நிறுவனம் அவரை எடுக்கவில்லை. எழுதியவர்கள் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, தாங்கள் எழுதியதை உண்மை என்றே நம்பினார்கள். ஆனால் அப்படி நம்புவதற்கு முன் சரிபார்க்கவில்லை. நம்பினோம் என்பது போதாது, ரெஃபரன்ஸ் தருபவர் அந்த ஊழியருக்கு உரிய கவனம் காட்டக் கடமைப்பட்டவர் என்று பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தார்கள். ஏழு வருடம் கழித்து, 2001இல், சன் அலையன்ஸ் லைஃப் நிறுவனத்தின் மேல் காக்ஸ் என்பவர் தொடுத்த வழக்கிலும் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே பாதையில் போனது. முறையாக விசாரித்து முடிக்காத நேர்மைக் குற்றச்சாட்டை ரெஃபரன்ஸில் நுழைப்பது கவனக்குறைவுதான் என்றது.

அவை பிரிட்டிஷ் தீர்ப்புகள், நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாதவை. ஆனால் நம் சட்டமும் இந்த இடத்தில் வேறு பக்கம் நிற்கவில்லை. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவில் இருந்து, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவுக்கு வந்திருக்கும் அவதூறுச் சட்டத்தில் ஒன்பதாவது விலக்கு ஒன்று உண்டு. தன் நலனையோ பிறர் நலனையோ காக்க, நல்லெண்ணத்தோடு ஒருவரைப் பற்றிச் சொல்வது அவதூறாகாது. இதை விளக்கச் சட்டமே ஒரு கடைக்காரரைக் காட்டுகிறது. இன்னாருக்கு ரொக்கம் வாங்காமல் சரக்குக் கொடுக்காதே, அவர் நேர்மையில் எனக்கு நம்பிக்கையில்லை என்று தன் கடையை நடத்துபவரிடம் அவர் சொல்கிறார். அது குற்றமில்லை. ஆனால் நல்லெண்ணம் எது என்பதையும் அதே சட்டம் வரையறுத்திருக்கிறது. உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்தது நல்லெண்ணத்தில் செய்ததாக ஆகாது. ‘நல்லதுக்குத்தானே சொன்னேன்’ என்பது மட்டும் ஒருவரைக் காப்பாற்றாது.

ஆகவே நம் முதலாளி 140 கிலோவைப் பேசக் கூடாது. வேலையில் இருந்தபோது அவரை முகம் பார்த்துக் கேட்காத ஒன்றை, அவர் இல்லாத இடத்தில் முகம் தெரியாத ஒருவரிடம் சொல்ல இவருக்கு உரிமை இல்லை. அது கோடவுனைப் பற்றிய ஒரு உண்மை, அவரைப் பற்றியது என்று இன்னும் ஆகவில்லை.

அப்படியானால் ‘சுத்தமான ஆளுங்க, தங்கம்’ என்று சொல்லிவிடலாமா? கூடாது. பேசாமல் இருப்பது வேறு, புகழ்ந்து மறைப்பது வேறு. கலிபோர்னியாவில் 1997இல் மாநில உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை ஒரு கொடுமையான வழக்கில் வகுத்துச் சொன்னது. ஒரு பள்ளி அதிகாரியின் மேல் மாணவிகளிடம் தவறாக நடந்துகொண்டதாகப் புகார்கள் வந்திருந்தன. அது தெரிந்தும், முன்பு அவர் வேலை செய்த பள்ளி நிர்வாகங்களைச் சேர்ந்தவர்கள் தாராளமாகப் பாராட்டிப் பரிந்துரைக் கடிதம் தந்தார்கள். அடுத்த பள்ளியில் ஒரு சிறுமி பாதிக்கப்பட்டாள். கடிதம் தராமல் இருந்திருந்தால் அவர்கள் மேல் பொறுப்பு வந்திருக்காது. பாராட்டத் தொடங்கிவிட்டு, பிறர் உடலுக்குக் கேடு விளையக்கூடும் என்ற செய்தியை விழுங்கியதுதான் தவறு என்றது நீதிமன்றம்.

துணி எடையும் குழந்தையின் பாதுகாப்பும் ஒன்றல்ல. ஆனால் வாய் எங்கே நிற்க வேண்டும் என்ற கோடு இரண்டிலும் ஒரே இடத்தில்தான் விழுகிறது. தெரிந்ததற்கு மேல் பழியும் வேண்டாம், தெரிந்ததற்கு மேல் புகழும் வேண்டாம்.

ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு

அரை மணி நேரம் கழித்து முதலாளி ஈரோட்டுக் கம்பெனியின் நம்பருக்குக் கூப்பிடுகிறார்.

“நாலு வருஷம் எங்ககிட்ட ஸ்டோர் இன்சார்ஜா இருந்தாருங்க. ஜூன்ல விலகினாரு. சம்பளம் பத்தலைன்னு சொல்லி, நோட்டீஸ் கொடுத்து, ஒப்படைச்சுட்டுத்தான் போனாரு. ரோலை லாட் வாரியாப் பிரிச்சு வைக்கறதுல கில்லாடி. ஸ்டோர் தப்புனால ஷேடு மாறுன புகார் ஒண்ணுகூட வரல.”

“கணக்கு வழக்கெல்லாம்?”

“இஷ்யூ பண்ணுனதை அன்னிக்கே ஏத்தறதில்லைங்க, மறுநாள் ஏத்துவாரு. அதை நானே கண்டிச்சிருக்கேன். உங்ககிட்ட அன்னிக்கே ஏத்திட்டே ஆகணும்னா அதை முதல்லயே சொல்லிடுங்க.”

“நேரத்துக்கு வருவாருங்களா?”

“கடைசி ஆறு மாசத்துல ஒம்பது நாள் லேட்டு. பதிவேட்டைப் பார்த்துத்தான் சொல்றேன்.”

‘எப்பவும் லேட்டுங்க’ என்பதற்கும் ‘ஆறு மாசத்துல ஒம்பது நாள்’ என்பதற்கும் இடையில் இருக்கும் தூரம்தான் நியாயம். முதலாவதைக் கேட்பவர் ஒரு சோம்பேறியைக் கற்பனை செய்வார். இரண்டாவதைக் கேட்பவர் தன் கம்பெனிக்கு அது பரவாயில்லையா என்று தானே முடிவு செய்துகொள்வார். எண் இல்லை என்றால் நேரில் பார்த்த ஒரு செயலைச் சொல்லலாம். ‘திமிர் பிடிச்சவர்’ என்று சொல்வதை விட்டு, ‘வண்டி லேட்டானா டிரைவர்கிட்ட சத்தம் போடுவாரு, ரெண்டு தடவை நான் விலக்கிவிட்டிருக்கேன்’ என்று சொல்லலாம். குணத்துக்குப் பெயர் வைக்காமல் நடந்ததைச் சொல்வது கேட்பவருக்கும் அதிகம் உதவும்.

“கை சுத்தமானவருங்களா?”

“எங்ககிட்ட இருந்த வரைக்கும் அவர் மேல விசாரணையோ நடவடிக்கையோ எதுவும் இல்லைங்க. எங்க ஸ்டோர்ல சாவி எப்பவும் மூணு பேர்கிட்ட இருக்கும். தனிச் சாவி கொடுத்து அவரை நான் வேலை வாங்குனதில்லை, அதனால அதைப் பத்தி என்னால சொல்ல முடியாது.”

இது மழுப்பலா என்று எனக்கே கேட்டுப் பார்த்துக்கொண்டேன். இல்லை என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. சந்தேகத்தை ஜாடையாகவும் கடத்தவில்லை, சான்றிதழும் கொடுக்கவில்லை. ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும். முன் கேள்விகளுக்குப் பேசிய அதே வேகத்தில், அதே குரலில் இதையும் சொல்ல வேண்டும். இந்த ஒரு பதிலுக்கு மட்டும் பெருமூச்சு விட்டு, குரலைத் தாழ்த்தி, ‘அதை மட்டும் என்கிட்ட கேக்காதீங்க’ என்கிற தொனியில் சொன்னால், சொல்லாத 140 கிலோவும் ஈரோட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதனால்தான் ஃபைலைப் பார்த்துப் படிப்பதுபோலப் பேசுவது நல்லது.

“திரும்ப வந்தா எடுத்துக்குவீங்களா?”

இந்தக் கேள்வியில் பலர் சறுக்குகிறார்கள். வெறும் ‘மாட்டேன்’ என்பது மரண அடி. காரணம் இல்லாமல் அதைச் சொல்லக் கூடாது. “ஸ்டோர் வேலைக்கு எடுப்பேங்க. கணக்கு ஏத்த கூட ஒருத்தரைப் போட்டு எடுப்பேன்” என்று எந்த வேலைக்கு, எந்த ஏற்பாட்டில் என்று சேர்த்துச் சொன்னால் அதில் உண்மையும் இருக்கும், பயனும் இருக்கும்.

“அப்ப தைரியமா எடுக்கலாங்களா?”

“என்கிட்ட இருந்த நாலு வருஷத்துக்கு நான் பதில் சொல்லிட்டேங்க. உங்ககிட்ட எப்படி இருப்பார்ங்கறதுக்கு நான் உறுதி தர முடியாது. நேர்ல பேசிப் பாருங்க.”

பதில் சொல்லக் கூடாத கேள்விகள்

எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டிய கடன் யாருக்கும் இல்லை. ‘எந்தப் பக்கத்து ஆளுங்க?’ என்று ஊரைக் கேட்பதுபோலச் சாதியைக் கேட்பார்கள். கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தைக்குப் பார்க்கிறார்களா, சங்கத்தில் இருந்தாரா, பி.எஃப். ஆபீசில் புகார் எழுதினாரா என்று கேட்பார்கள். “வேலையைப் பத்திக் கேளுங்க, சொல்றேன்” என்று ஒரே வாக்கியத்தில் நிறுத்திவிடலாம்.

பெண் ஊழியர்கள் விஷயத்தில் தெரியாமலே நடக்கும் ஒரு அநியாயம் உண்டு. ‘நல்ல பொண்ணுதான், லீவுதான் ஜாஸ்தி’ என்பார்கள். எடுத்துப் பார்த்தால் அது பிரசவ விடுப்பாக இருக்கும். 2017 திருத்தத்துக்குப் பின் முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சட்டப்படி 26 வாரம் வரை உரிமை உள்ள விடுப்பு அது. வருகையைப் பற்றிச் சொல்லும்போது அந்த வாரங்களைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது.

விசாரணை நடந்து நிரூபணமான தவறு என்றால் கதை வேறு. பணத்தை எடுத்ததாக எழுதிக் கொடுத்து, கட்டிவிட்டுப் போன கேஷியரைப் பற்றி இன்னொரு கம்பெனி கேஷியர் வேலைக்குக் கேட்டால், ‘ஒழுங்கு நடவடிக்கை எடுத்து நிறுத்தினோம்’ என்பதை மறைப்பது அந்தக் கம்பெனிக்குச் செய்யும் துரோகம். ஆனால் கேட்டால் இதைச் சொல்வேன் என்று அவர் வெளியேறும் நாளிலேயே அவரிடமும் சொல்லியிருக்க வேண்டும். வெளியே பேசுவதில்லை என்று இருவரும் எழுதி ஒப்புக்கொண்டிருந்தால், தேதியையும் பதவியையும் மட்டும் சொல்லி நிறுத்த வேண்டும். அதன் மேல் ஒரு பாராட்டுச் சொல்கூடச் சேர்க்கக் கூடாது. பாலியல் துன்புறுத்தல் புகார் இன்னும் நுணுக்கமானது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, புகார் விவரத்தையும் சம்பந்தப்பட்டவர்களின் அடையாளத்தையும் பொதுவெளிக்கோ ஊடகத்துக்கோ தெரிவிப்பதைத் தடுக்கிறது. அப்படி ஒரு ஃபைல் இருந்தால், போனைத் திருப்பிச் செய்வதற்கு முன் வக்கீலிடம் கேட்டுக்கொள்வதுதான் சரி. அதற்குள் வாய் தவறி ‘நல்ல மனுஷன்’ என்று சொல்லிவிடக் கூடாது.

போன் முடிந்ததும் ஃபைலிலேயே நாலு வரி எழுதி வைக்க வேண்டும்: தேதி, யார் பேசினார், எந்த வேலைக்கு, நாம் சொன்னது என்ன. பழைய ஊழியர் நாளை வந்து ‘என்னைப் பத்தி என்ன சொன்னீங்க?’ என்று கேட்டால் அதையே படித்துக் காட்டலாம். எழுதும்போது ஏதாவது பிசகு கண்ணில் பட்டால், உதாரணமாக ஒன்பது நாள் தாமதத்தில் இரண்டு நாள் கம்பெனி வேலையாகச் சாயப்பட்டறைக்குப் போய்விட்டு வந்தது என்று தெரிந்தால், அன்றைக்கே ஈரோட்டுக்கு மறுபடி கூப்பிட்டு, ஏழு நாள்தான் என்று சொல்லிவிட வேண்டும். அவர்கள் முடிவெடுக்க இன்னும் ஒரு நாள் இருக்கலாம், ஒரு மணி நேரமும் இருக்கலாம்.